ஈரோட்டில் 40 சீட் சைவ ஹோட்டல்: உணவுச் செலவு 30%, சம்பளம் 20%, தினம் 300 பேர். இந்தக் கணக்கு சரியா?

கொங்கு செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். பெருந்துறை ரோட்டில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். 40 பேர் உட்காரலாம், வாடகை 45,000. காலை டிபன், மதியம் சாப்பாடு, சாயங்காலம் வடை காபி, இரவு டிபன் பரோட்டா எல்லாம் உண்டு. சைவம் மட்டும். நான் போட்ட மாத பட்ஜெட் கணக்கு இது.

40 சீட் ஒரு நாளில் ஏழெட்டு தடவை நிரம்பும் என்று வைத்து 300 பேர். ஆளுக்கு 90 ரூபாய் பில். ஒரு நாளைக்கு 27,000, மாதம் 8,10,000. இதில் மளிகை, காய்கறி, பால் 30 சதவீதம், அதாவது 2,43,000. சம்பளம் 20 சதவீதம், 1,62,000. வாடகை 45,000. கேஸும் கரண்டும் 50,000. மற்றது 40,000. போக மிச்சம் 2,70,000 வருகிறது.

வீட்டில் காட்டினால் "இவ்வளவு வருமானம் வந்தால் ஊரில் பாதிப் பேர் ஹோட்டல்தானே வைத்திருப்பார்கள்" என்கிறார்கள். எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டுராமன்77

பட்ஜெட் ஹோட்டல் என்றால் ஈரோட்டில் வரவேற்பு இருக்கும் நண்பரே. 50 ரூபாய்க்கு அளவுச் சாப்பாடு, 10 ரூபாய்க்கு டீ, இப்படி வையுங்கள். கூட்டம் அள்ளும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தால் இன்னும் நல்லது.

கொங்கு செந்தில்

நன்றி சார், ஆனால் நான் கேட்டது மலிவு விலை ஹோட்டல் பற்றி இல்லை. வரவு செலவுத் திட்டம் பற்றி.

கேட்டரிங் கார்த்தி

நான் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்தவன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, உணவுச் செலவு 30, ஆள் செலவு 30, மற்ற செலவு 30, லாபம் 10. நீங்கள் ஆள் செலவை 20 என்று வைத்ததுதான் பிரச்சினை. 30 ஆக்குங்கள், லாபம் 1,89,000 என்று வரும். அதுவே நல்ல லாபம். உணவும் ஆளும் சேர்ந்து 60, மிஞ்சிப் போனால் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய கேஷியர்

தம்பி கார்த்தி சொல்கிற 60-65 பாதி சரி. கடை நடந்துகொண்டிருக்கும்போது மாதக் கடைசியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது உதவும். ஆனால் திறக்காத கடைக்குச் சதவீதத்தை வைத்துச் சம்பளம் போட முடியாது. மாஸ்டர் வந்து "உங்க வியாபாரத்தில் எனக்கு இத்தனை சதவீதம் கொடுங்க" என்று கேட்க மாட்டார். அன்றைக்கு 100 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் அவருக்கு அதே கூலி.

செந்தில், முதலில் ஆட்களை எண்ணுங்கள். நீங்கள் சொன்ன எல்லாமும் போட வேண்டுமென்றால் குறைந்தது இவர்கள் வேண்டும். மெயின் மாஸ்டர் ஒருவர் 1,200, தோசைக் கல்லுக்கு ஒருவர் 1,000, பரோட்டா மாஸ்டர் 1,100, டீ மாஸ்டர் 800, ஹெல்பர் இரண்டு பேர் 1,300, சப்ளையர் நாலு பேர் 2,400, டேபிள் துடைக்கவும் பாத்திரத்துக்கும் இரண்டு பேர் 1,000, பில் போட ஒருவர் 600. நான் கணக்கு எழுதும் கடைகளில் நடக்கிற தினக்கூலி இதுதான். உங்கள் பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 13 பேர், ஒரு நாளைக்கு 9,400. மாதம் 2,82,000.

அதோடு முடியவில்லை. இவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு நம் அடுப்பில்தான். ஆளுக்கு 80 ரூபாய் என்றாலும் மாதம் 31,200. தங்க ரூம் 10,000. ஆக 3,23,200. உங்கள் 8,10,000 வியாபாரத்திலேயே இது 40 சதவீதம். நீங்கள் எழுதியது 20.

ஊழியர் சாப்பாட்டை மளிகையில் சேர்த்தாலும் சரி, சம்பளத்தில் சேர்த்தாலும் சரி. ஒரு இடத்தில் மட்டும் சேருங்கள். நிறைய பேர் இரண்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

கொங்கு செந்தில்

அண்ணா, தலை சுற்றுகிறது. 30 நாளுக்கும் கூலி போட்டிருக்கிறீர்கள். வார லீவு கொடுப்போமே, 26 நாள் போட்டால் போதாதா?

பழைய கேஷியர்

லீவு கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு தோசைக் கல் சும்மா இருக்காது. லீவு ஆளுக்குப் பதில் ஒருவர் வருவார், அவருக்குக் கூலி. அதனால்தான் ஆளைக் கணக்கிடாமல் இடத்தைக் கணக்கிட்டு 30 நாள் போட்டேன். மாதச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் இதைவிடக் கூடத்தான் வரும்.

வாணி சேலம்

எங்கள் வீட்டுக்காரர் சேலத்தில் சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறார், கல்லாவில் நான்தான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் வரும்போதே அட்வான்ஸ் கேட்பார். 30,000, 40,000 என்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பாமல் போவது இந்தத் தொழிலில் சகஜம். அட்வான்ஸ் சம்பளக் கணக்கில் வராது. ஆனால் கையில் இருக்கிற பணத்திலிருந்து போகும்.

இன்னொன்று. காலை 5 மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறவர் இரவு 10.30க்கு தோசை ஊற்ற மாட்டார். மதியம் 3 மணியிலிருந்து 5 மணி வரை கடையை மூடினால்தான் ஒரே செட் ஆட்களை வைத்து ஓட்ட முடியும். "காலை முதல் இரவு வரை" என்று போர்டு வைத்தால் இரண்டு செட் வேண்டும்.

பழைய கேஷியர்

அக்கா சொல்வது முக்கியம். எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறோம் என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது 300 பேருக்கு வருவோம். சீட்டை ஏழெட்டால் பெருக்குவது வேலைக்கு ஆகாது. நாலு பேர் மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தயங்கி நிற்பார், சில பேர் போயே விடுவார்கள். மதியம் கூட்டம் என்பது 12.45 முதல் 2 மணி வரைதான். அந்த நேரத்தில் 40 சீட்டில் 28 நிரம்பினாலே நல்ல கடை. வேளை வேளையாக எழுத வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் பில்லும் வேறு. காலையில் வருகிறவர் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபியோடு எழுந்துவிடுவார். அவரிடம் 90 ரூபாய் எதிர்பார்க்காதீர்கள்.

புதுக் கடைக்கு, மூன்று மாதம் ஓடிய பிறகு வரக்கூடியதாக நான் இப்படிப் போடுவேன்.

காலை 80 பேர், தலைக்கு 60 = 4,800
மதியம் 60 பேர், தலைக்கு 110 = 6,600
சாயங்காலம் 30 பேர், தலைக்கு 40 = 1,200
இரவு 70 பேர், தலைக்கு 80 = 5,600

240 பேர், 18,200 ரூபாய். சராசரி பில் 76 தான் வருகிறது. அதில் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. சின்ன ஊரில் பில்லுக்கு மேல் வரி போட்டால் முகம் சுளிப்பார்கள், விலைக்குள்ளேதான் அடக்க வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் போனாலும் உங்கள் கையிலிருந்து 5 சதவீதம்தான். நாம் வாங்குகிற கேஸ் சிலிண்டருக்குக் கட்டும் 18 சதவீத வரி இரண்டிலும் திரும்பி வராது. ஆக நம் கைக்கு வருவது 17,333. தலைக்கு 72 ரூபாய்.

மெஸ் அக்கா

நான் குரோம்பேட்டையில் மெஸ் நடத்துகிறேன். என்னுடையது வேறு மாதிரி. மாத அட்டை வைத்திருக்கிறவர்கள் 120 பேர், முந்தின ராத்திரியே நாளைக்கு யார் வரமாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார்கள். அரிசி எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியும். மிச்சமாவது ரொம்பக் குறைவு. ஏன் ஹோட்டலே வைக்க வேண்டும், மெஸ்ஸாகத் தொடங்கினால் என்ன தம்பி?

கொங்கு செந்தில்

அக்கா, மெஸ் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த இடம் ரோட்டைப் பார்த்த மாதிரி, வாடகை 45,000. மெஸ்ஸுக்குக் கட்டாது.

அண்ணா, 72 ரூபாயில் 30 சதவீதம் என்றால் 22 ரூபாய் உணவுச் செலவு. சரியா?

பழைய கேஷியர்

அதுவும் சரியில்லை. ஒரு தட்டு இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து. சுமார் 77 ரூபாய். 60 கிராம் மாவு ஊற்றினால் 50 இட்லி வரும். ஒரு இட்லி ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், இரண்டுக்கு 3.10. பார்த்தால் கொள்ளை லாபம் மாதிரி இருக்கும். ஆனால் சட்னி வாளி மேஜை மேஜையாகப் போகிறதே! ஒரு தேங்காய் 30 ரூபாய், நூறு கிராம் பொட்டுக்கடலை, மிளகாய், தாளிப்பு எல்லாம் சேர்த்து 47 ரூபாய்க்கு 700 கிராம் சட்னி. இரண்டாவது தடவையும் ஊற்றச் சொல்வார்கள், ஆளுக்கு நூறு கிராம் போகும். 6.70. சாம்பார் ஒரு லிட்டர் 20 ரூபாய்க்கு அடங்கினால், 200 மில்லி 4 ரூபாய். இலையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 15 ரூபாய். விற்பது 35க்கு. 43 சதவீதம்.

இட்லிக்கு ஆகிற செலவைப் போல மூன்று மடங்கு தொட்டுக்கொள்வதற்கு ஆகிறது. தேங்காய் விலை ஏறினால் உங்கள் இட்லி லாபம்தான் முதலில் கரையும்.

அதே சட்னி சாம்பாரோடு சாதா தோசை 60 ரூபாய்க்குப் போகிறது, செலவு 17, 18. அது 30 சதவீதத்துக்குள் நிற்கும். முழுச் சாப்பாடு 110க்கு 47 வரை ஆகும், 43 சதவீதம். எல்லாம் கலந்து, நான் மேலே சொன்ன வேளைக் கணக்குக்கு 37 சதவீதம் வரும். மிச்சமான சாதம், புளித்த மாவு, திரிந்த பால், கை தவறிக் கொட்டியது எல்லாம் சேர்த்து 40 என்று வையுங்கள்.

கேட்டரிங் கார்த்தி

அப்படியென்றால் சாப்பாட்டையும் இட்லியையும் குறைத்துவிட்டு தோசை வகைகளைக் கூட்டினால் போதுமே? 43 சதவீத ஐட்டத்தை ஏன் விற்க வேண்டும்?

பழைய கேஷியர்

இங்கேதான் சதவீதம் ஏமாற்றும். சாப்பாடு 110க்கு விற்றால் வரி 5, செலவு 47, கையில் 58 நிற்கும். இட்லித் தட்டு 35ல் வரி ஒன்றரை, செலவு 15, நிற்பது 18. இரண்டும் ஒரே 43 சதவீதம். வாடகைக்காரர் சதவீதமா வாங்குகிறார்? தோசையில் 39 நிற்கும். ஆனால் மதியம் ஒரு மணிக்குச் சாதம் தேடி வருகிற ஆளுக்கு தோசையை நீட்ட முடியாது.

மதியம் சாப்பாட்டுக்கு இருக்கிற நிஜமான தொல்லை வேறு. 60 பேருக்கு வடித்து 40 பேர் வந்தால் 20 பேர் சோறு கீழே போகும். தோசை மாவு ஃபிரிட்ஜில் நாளைக்கும் நிற்கும். சாப்பாட்டின் உணவுச் செலவு வருகிற ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தே 43 ஆவதும் 55 ஆவதும்.

வாணி சேலம்

நூறு சதவீதம் உண்மை. நாங்கள் முதல் வடி 35 பேருக்கு, 1.15க்குப் பார்த்துவிட்டு இரண்டாவது வடி. ஒரு பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னாலும் பரவாயில்லை.

கொங்கு செந்தில்

சரி, ஆட்களைக் குறைத்துப் பார்க்கிறேன். பரோட்டா இப்போதைக்கு வேண்டாம். டீ காபியை ஹெல்பர் பார்ப்பார். பில்லில் நானும் தம்பியும். சப்ளையர் மூன்று பேர். அப்போது 9 பேர், ஒரு நாளைக்கு 6,300. சாப்பாடு, ரூம் (8,000 போதும்) எல்லாம் சேர்த்து மாதம் 2,18,600. இப்போது எத்தனை பேர் வந்தால் கட்டும்?

பழைய கேஷியர்

தலைக்கு 72 வருகிறது. 76 ரூபாய் பில்லில் 40 சதவீதம் உணவு, அது 30. பார்சல் கவர், டப்பா ஒன்றரை. வருகிற ஒவ்வொரு ஆளும் உங்களுக்கு 40 ரூபாய் விட்டுவிட்டுப் போகிறார். இந்த 40ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போவது: சம்பளம் 2,18,600, வாடகை 45,000, சிலிண்டர் மாதம் 20 என்று 38,000, கரண்ட் 18,000, தண்ணீர், குப்பை, சோப்பு 10,000, ரிப்பேரும் சில்லறையும் 12,000. மொத்தம் 3,41,600. நாளைக்கு 11,387. 40ஆல் வகுத்தால் 285 பேர்.

240 பேர் வந்தால் மாதம் 54,000 கைக்காசு போகும். முதலில் நான் எழுதிய 13 பேரோடு போனால் 372 பேர் வந்தால்தான் சமமாகும். இதில் கடன் தவணை இல்லை. மாதம் 33,000 தவணை என்றால் இன்னும் 28 பேர்.

கேட்டரிங் கார்த்தி

கேஸை நிலைச் செலவில் போட்டது தவறு சார். அது வியாபாரத்தோடு ஏறி இறங்கும்.

பழைய கேஷியர்

பாதி ஏறி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். இட்லிக் கொப்பரையும் சாம்பார் அடுப்பும் எப்படியும் எரியும். தோசைக் கல் ஆள் இல்லாத நேரத்திலும் சிம்மில் கிடக்கும். துல்லியமாகப் பிரித்தால் 285 என்பது நாலைந்து பேர் மாறும், அவ்வளவுதான்.

கொங்கு செந்தில்

அப்போது இந்த இடத்தை விட்டுவிடலாமா?

பழைய கேஷியர்

அதை நான் சொல்ல மாட்டேன். விலையைத் தொட்டுப் பாருங்கள். சராசரி பில் 76லிருந்து 84 ஆனால், வரி போக 7.60 முழுசாக உங்கள் கைக்கு வரும். 40 என்பது 47.60 ஆகிறது. 240 பேரிலேயே சமமாகிவிடும். ஆனால் அதே ரோட்டில் மற்றவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்க்காமல் ஏற்ற முடியாது. விலையை ஏற்றுவதைவிட, இட்லி சாப்பிட்டவரை ஒரு காபி குடிக்க வைப்பது சுலபம்.

240ஆ 285ஆ என்பது கணக்கில் தெரியாது. அதே ரோட்டில் உங்களை மாதிரி கடை ஒன்றின் எதிரே நின்று, வேளை வேளையாக வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். உள்ளே போகிறவர்களை எண்ணினால் பார்சல்காரர், தண்ணி கேன் போடுகிறவர் எல்லாம் குழப்பும். பார்சலைத் தனியாக எழுதுங்கள்.

வாணி சேலம்

எண்ணுகிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கள் ராத்திரி, செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தைக்கு வெளியூர்க் கூட்டம் ஈரோட்டுக்கு வரும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு ஆபீஸ்காரர்கள் இருக்க மாட்டார்கள். சைவ ஹோட்டலுக்குப் புரட்டாசியில் வியாபாரம் தானாக ஏறும், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வருவார்கள். புரட்டாசியில் திறந்துவிட்டு அதையே வருஷம் முழுக்க நம்பி இரண்டு ஆள் கூடப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், பரோட்டாவை எடுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ராத்திரி 70 பேர் என்று போட்டதே பரோட்டா இருந்தால்தான். இல்லையென்றால் 45 பேர் வருவார்களா என்பதே சந்தேகம். நாலு பேராக வருகிற கூட்டத்தில் ஒருவர் பரோட்டா கேட்டால் நாலு பேரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பழைய கேஷியர்

பரோட்டா மாஸ்டர் கூலியும் சாப்பாடும் 1,180. அவர் ஒருவரால் ராத்திரிக்குக் கூடுதலாக 30 பேர் வந்தால் கட்டும். வருவார்களா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கொங்குப் பக்கம் ராத்திரி தோசையும் சப்பாத்தியும் போதும் என்பது என் எண்ணம்.

வாணி சேலம்

சேலமும் கொங்குக்குப் பக்கம்தான் சார். எங்கள் கல்லாப்பெட்டி வேறு மாதிரி சொல்கிறது.

கேட்டரிங் கார்த்தி

ஆன்லைன் ஆர்டரை யாருமே சொல்லவில்லையே? சீட் இல்லாமலே 50 ஆர்டர் வரும்.

பழைய கேஷியர்

வரும். ஆனால் கமிஷன் 25 சதவீதம் என்றால் 100 ரூபாய் ஆர்டரில் 25 அங்கேயே போகிறது, உணவு 40, டப்பா 8. வரி போக 22 தான் மிஞ்சும். கடையில் சாப்பிட்டால் 50க்கு மேல் நிற்கும். சும்மா இருக்கிற நேரத்தில் 22 ரூபாய் நல்ல பணம். மதியம் ஒரு மணிக்குக் கடை நிரம்பி இருக்கும்போது அந்த ஆர்டர் தோசைக் கல்லை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் ஆப்பை ஆஃப் செய்து வைக்கிறவர்கள் உண்டு.

கொங்கு செந்தில்

நேற்று வியாழக்கிழமை. தம்பியும் நானும் மாற்றி மாற்றி அந்த ரோட்டில் உள்ள ஒரு சைவக் கடைக்கு எதிரே நின்றோம். ஆறு வருஷமாக ஓடுகிற கடை. காலை 104, மதியம் 71, சாயங்காலம் 38, இரவு 66. பார்சல் தனியாக 47. அவர்களிடம் பரோட்டா இல்லை.

மொத்தம் 326. ஆறு வருஷக் கடைக்கே இவ்வளவுதான். வாடகை குறைத்தால் மட்டும் பார்க்கலாம் என்று ஓனரிடம் பேசியிருக்கிறேன், 38,000க்கு வருவார் போல. அப்படியானால் சமமாகும் எண் 279 ஆகிறது, சரிதானே அண்ணா?

பழைய கேஷியர்

7,000ஐ 30ஆல் வகுத்து 40ஆல் வகுத்தால் ஆறு பேர். சரிதான். ஆறு பேருக்காக ஓனரிடம் ரொம்பச் சண்டை போடாதீர்கள். அதைவிட, வாடகை இல்லாமல் இரண்டு மாதம் வேலை செய்யக் கேளுங்கள். அடுப்பு, எக்ஸாஸ்ட், தண்ணீர் லைன் போடுவதற்கே அவ்வளவு ஆகும். அப்புறம் கையில் நாலு மாத நஷ்டத்துக்குத் தனிப் பணம் வையுங்கள். மாதம் 54,000 என்றால் 2,16,000. அது இன்டீரியருக்குப் போய்விடக் கூடாது.

மெஸ் அக்கா

அந்தக் கடையில் பார்சல் 47 போகிறதா? அதில் காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை என்று எழுதினீர்களா தம்பி?

கொங்கு செந்தில்

பிரிக்கவில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை எண்ணும்போது எழுதுகிறேன்.